தாளும் காகிதமும்

தாள் என்னும் தமிழ்ச்சொல் அடியையும், புல்லினத்தின் தண்டையும், எழுதுதற்குரிய காகிதத்தையும் குறிக்கும் பலபொருள் ஒருசொல்லாகும். இறைவன் தாள் என்னுமிடத்து அடியையும், நெற்றாள் கோரைத்தாள் என்னுமிடத்துத் தண்டையும், ஒரு தாளில் எழுதினான் என்னுமிடத்துக் காகிதத்தையும் அஃது உணர்த்துகின்றது. இவற்றுள் பின்னிரண்டு பொருளும் ஒருங்கே பொருந்தும் பண்டம் உலகில் ஒன்றுண்டு. அஃது எகிப்து நாட்டினர் நைல் நதிக்கரையில் வளர்ந்த ஒருவகைக் கோரையின் தண்டினின்றும் செய்த பாபிரஸ் என்னும் எழுதுபொருளாகும். பேப்பர் என்னும் ஐரோப்பியச் சொல் இப்பாபிரஸ் என்னும் பெயரினின்றும் பிறந்தமையால், பாபிரஸே முதற் காகிதம் என்றும், எகிப்தியர் காகிதத்தைக் கண்டறிந்து வழங்கிய காலத்தே தமிழர் பனையோலையளவில் நின்றுவிட்டனர் என்றும் கூறுவார் உளர். பெயரொற்றுமை கொண்டு பொருளொற்றுமை துணிதல் தருக்க நெறிக்கு ஒவ்வாது. ஆதலின் அப்பண்டம் செய்யப்பட்ட முறையையே நோக்கி அதன் இனத்தைத் துணிதல் வேண்டும்.

பாபிரஸ் தமிழருக்கு முற்றும் புறம்பான பொருளன்று. செட்டிநாட்டுக்கு அணித்தான புதுக்கோட்டைச் சீமையில், கறுக்காக்குறிச்சி என்னும் ஊரில், 1898-ஆம் ஆண்டில் உரோம நாட்டுப் பொற்காசுகள் 501 ஒருங்கே கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை உளியால் வெட்டுண்டிருந்தன. மீண்டும் காசாக வழங்காதபடி அவ்வாறு வெட்டினர் போலும். இத்தகைய பொன்னை இந்நாட்டிற்கு ஈர்த்தது கடல்வாணிகம். அவ்வாணிகத்தைப் பற்றிய ஒரு பத்திரமே பாபிரஸில் எழுதப்பெற்றதாய் இன்றும் உள்ளது. ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரத் தேசிய நூலகம் 1980-இல் அதனை விலைக்கு வாங்கியது. 1985-இல் ஹாரவர், சைப்பஸ்டைன் என்னும் அறிஞர் இருவர் அதனைப் படித்து வெளியிட்டனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட அப்பத்திரம், சேரர் துறைமுகமாய் விளங்கிய முசிறியைச் சார்ந்த கடன் ஒப்பந்தங்களைச் சுட்டுவதால் முசிறிப் பாபிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன்கண் எழுதப்பட்ட செய்தி பின்னர்க் கூறப்படும். எழுத்தைத் தாங்கிய அந்த ஏடு எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதே முதற்கண் அறியற்பாலது.

பாபிரஸ் செடி நம் நாட்டுக் கோரைக்கு நெருங்கிய உறவினது. தாவர நூலார் இரண்டனையும் சைப்பெரஸ் என்னும் ஒரே குலத்தில் வைத்துள்ளனர். செட்டிநாட்டுக் கண்மாய்க் கரைகளிலும் ஊருணி ஓரங்களிலும் நிற்கும் கோரையைக் குறுக்கே அரிந்து பார்த்தவர், அதன் தண்டு உருண்டையாயிராமல் மூன்று பட்டை உடையதாயிருத்தலையும், இடையே கணு இன்மையையும், புறத்தே பசிய வலிய தோலும் அகத்தே வெண்மையான மெல்லிய நெட்டியும் இருத்தலையும் கண்டிருப்பர். பாபிரஸும் இவ்வமைப்பினதே. வேறுபாடு பருமையில் மட்டும் உளது. நம் கோரை சிறுவிரற் பருமை; பாபிரஸ் ஆளின் உயரத்தினும் இருமடங்கு ஓங்கி வளர்ந்து, அடியில் மணிக்கட்டின் பருமையுடையதாக நிற்கும். அதன் உச்சியில் மெல்லிய இழைகள் குடைபோல் விரிந்திருக்கும். புறத்தே காழ்ப்பு உடையனவற்றைப் புல் எனவும் அகத்தே காழ்ப்பு உடையனவற்றை மரம் எனவும் தொல்காப்பியர் மரபியலில் பகுத்தனர். அப்பகுப்பின்படி பனையும் புல், கோரையும் புல், பாபிரஸும் புல்லே. ஓலை, ஏடு என்னும் பெயர்களையும் அவர் புல்லினத்து உறுப்புக்களுள்ளேயே எண்ணினர். எழுதுபொருளின் வரலாற்றை ஆராய்வார்க்கு இப்பகுப்பு எதிர்பாராத துணையாகின்றது.

பத்தமடையில் பாய் முடைவோர் கோரையைக் கொய்து, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவிட்டு, பின் கீறி, உள்ளிருக்கும் நெட்டியை நீக்கிவிட்டுப் புறத்தோலையே நெய்தற்குக் கொள்வர். பாய்க்கு வேண்டுவது வலிமையாதலின் வலிய பகுதி கொள்ளப்படுகின்றது. எகிப்தியர் ஏடு செய்யுங்கால் இதனைத் தலைகீழாகச் செய்தனர். புறத்தோலை உரித்து நீக்கி, நெட்டியையே கொண்டனர். நீக்கிய தோல் வீணாகவில்லை. அதனாற் கயிறும் பாயும் பிறவும் செய்தனர். நம்மவர் எறிந்த பகுதியில் அவர் எழுதினர். அவர் கயிறு திரித்த பகுதியில் நம்மவர் படுத்துறங்குகின்றனர்.

பாபிரஸ் செய்யும் முறையை எழுதிவைத்த பழைய ஆசிரியர் உரோமராகிய பிளினி என்பவர் ஒருவரே. தம் இயற்கை வரலாற்று நூலை கி.பி. 77-இல் முடித்து, 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த பெரியார் அவர். இந்தியா ஆண்டுதோறும் உரோம நாட்டுப் பொருளை ஈர்த்துக்கொள்கின்றதே என்று அந்நூலில் வருந்தி எழுதியவரும் அவரேயாவர். அந்நூலின் 13-ஆம் பகுதியில் அவர் கூறும் முறையையும், இக்காலத்தார் அச்செடியைக் கொண்டு செய்துபார்த்து அறிந்தனவற்றையும் சேர்த்து நோக்கின் செய்கை பின்வருமாறு விளங்கும்.

பசிய தண்டை அறுத்து, ஒன்று அல்லது ஒன்றரைச் சாண் நீளமுள்ள துண்டங்களாக்கித் தோலை உரிப்பர். உள்ளே நிற்கும் வெள்ளிய நெட்டியை நீளவாட்டில் மிக மெல்லிய பட்டைகளாகக் கீறுவர். ஊசியாற் கீறுவர் என்கின்றார் பிளினி. கத்தியால் நேரே சீவினர் என்பார் ஒரு சாரார். ஊசியைத் தண்டினுட் செலுத்தித் தாழை மடல் சுருள் விரிவது போலச் சுற்றிச் சுற்றி உரித்தெடுத்தனர் என்பார் மற்றொரு சாரார். இரு முறையாலும் நல்ல ஏடு செய்தல் இக்காலத்துச் சோதனையிற் கூடியுள்ளது. எவ்வாறாயினும் தண்டின் நட்டநடுவிலிருந்து எடுத்த பட்டையே அகலமானதும் சிறந்ததுமாகும். தோலை அணுக அணுகப் பட்டை குறுகி முரடாகும்.

பட்டைகளை நனைந்த பலகைமேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, விளிம்பு சிறிது மேற்படியுமாறு நெடுக அடுக்குவர். அவ்வரிசையின்மேல் மற்றொரு வரிசையைக் குறுக்கே பரப்புவர். இவ்விரண்டு வரிசைகளே ஓர் ஏடு. பாய்போல மேலுங்கீழுமாகப் பின்னுதல் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று கிடத்தலே உண்டு. பின்னர் அதனை அழுத்தி வெயிலில் உலர்த்துவர். இக்காலத்தில் செய்வோர் இருபுறமும் துணியிட்டு, பாரத்தின்கீழ்ச் சில நாள் வைத்து, ஈரத்தை உறிஞ்சிய துணியை மாற்றி மாற்றி இடுகின்றனர். துணி மாற்றுதலில் சோம்பினால் ஏட்டிற் பூஞ்சணம் பற்றிக் கருமை படர்ந்துவிடும்.

குறுக்கு வரிசை எதன்பொருட்டு எனின், பனையோலையைக் கையாண்டோர் எளிதில் உணர்வர். ஓலையின் நரம்புகள் அனைத்தும் நீளவாட்டிலேயே ஓடுகின்றன. ஆகலின் நீளவாட்டில் இழுத்தால் ஓலை அறாது; ஆயின் சிறு கீறல் விழுந்தால் நரம்பின் வழியே நெடுகப் பிளந்துவிடும். பாபிரஸ் நெட்டியிலும் அவ்வாறே நார்கள் நீளவாட்டில் ஓடுகின்றன. ஒரே வரிசையாக விட்டிருந்தால் பட்டை பட்டையாகப் பிரிந்துபோகும். குறுக்கே மற்றொரு வரிசை கிடத்தலால், ஒன்றன் பிளவை மற்றொன்று தடுத்து நிறுத்துகின்றது. ஓலைக்கு இல்லாத அகலம் பாபிரஸுக்கு வாய்த்தது இச்சிறு சூழ்ச்சியால் என்க.

இவ்விரு வரிசைகளும் எதனால் ஒட்டின என்பது நெடுங்காலம் ஐயத்திற்கு இடமாயிருந்தது. நைல் நதியின் கலங்கல் நீரே பசையாகின்றது என்றார் பிளினி. அது பொருந்தாது. தெளிந்த நீரைக் கொண்டு செய்யினும் வரிசைகள் உறுதியாகவே ஒட்டுகின்றன என்பதைச் செய்து கண்டுள்ளனர். நெட்டியினுள்ளே காற்று நிறைந்த நுண்ணிய அறைகள் பல உள. அழுத்துங்கால் அவ்வறைச் சுவர்கள் நசுங்கி, மேல்வரிசையின் நசுக்கம் கீழ்வரிசையின் நசுக்கத்தோடு கவ்விக்கொள்கின்றது. ஈரம் வற்ற வற்ற அக்கவ்வுதல் இறுகுகின்றது. செடியின் சாறும் அதற்குத் துணையாகும் என்பர். பசை ஊட்டாமலே தன் உடம்பின் இயல்பால் ஒட்டும் இப்பண்பு பாபிரஸின் தனிச்சிறப்பாகும்.

பிளினி பசையைப் பற்றியும் கூறுகின்றார். நுண்ணிய மாவைக் கொதிநீரிற் கரைத்துச் சிறிது புளிக்காடி தெளித்துச் செய்வது அப்பசை. அது செய்து ஒரு நாளினும் பழையதாகவும் கூடாது, புதியதாகவும் கூடாது என்று நுட்பமாக எழுதுகின்றார். இஃது ஏட்டோடு ஏட்டை இணைத்துச் சுருளாக்குதற்கும், ஏட்டின் முகத்தைச் செம்மை செய்தற்கும் வேண்டுவதாம். பசையிட்டபின் கொட்டாப்புளியால் தட்டி மெலிவித்து, மீண்டும் பசையிட்டு, சுருக்கம் நீங்கத் தட்டுவர் என்றும் கூறி, இங்ஙனம் செய்யப்பட்ட ஏடுகளில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகட்கு முன் கிராக்கஸ் உடன்பிறந்தார் தம் கையால் எழுதிய எழுத்துக்களைத் தாம் கண்டதாகவும் சான்று தருகின்றார்.

ஏடுகளின் தரம் அகலத்தால் அளக்கப்பட்டது. நம் முன்னோரைப் போலவே உரோமரும் விரலால் அளந்தனர். உயர்ந்த ஏடு 13 விரல் அகலம். அதற்கடுத்தது 11 விரல். கடைப்பட்டது 6 விரல். இக்கடைத்தரம் எழுதுதற்கு ஆகாது; வணிகர் சரக்குப் பொதிவதற்கே ஆயிற்று. தண்டின் நடுப்பகுதியிலிருந்து வந்த நீண்ட மெல்லிய பட்டையே அகன்ற ஏட்டைத் தரும் என்பது கருதின், அகலத்தால் தரம் வகுத்தது எவ்வளவு பொருத்தம் என்பது தெளிவாகும்.

குற்றங்களை அறியும் வகையில் பிளினி கூறுவன இன்னும் சுவையுடையன. முரடான இடத்தை யானைத் தந்தத்தாலோ சங்கு சிப்பிகளாலோ தேய்த்து வழவழப்பாக்குவர். ஆயின் மிகத் தேய்த்தால் ஏடு பளபளக்குமேயன்றி மையை உட்கொள்ளாது. எழுத்து விரைவில் உதிரும். பார்வைக்கு அழகிய ஏடு எழுதுதற்கு ஏலாததாய் முடியும். ஈரம் சரியாக உலரவில்லையாயின் கொட்டாப்புளியால் தட்டுங்காலே அது வெளிப்படும். குற்றம் மிகின் பூஞ்சண நாற்றமே அறிவிக்கும். புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும். இவையெல்லாம் வாங்குவோன் கண்டுபிடிக்கத்தக்கன. ஒரு குற்றம் மட்டும் எளிதில் அகப்படாது. ஒட்டின் இடையே பஞ்சுபோன்ற நெட்டிப் பட்டை ஒன்றைச் செருகிவிடுவர். மேலே பார்த்தால் யாதும் தெரியாது. எழுதுங்கால் எழுதுகோல் அவ்விடத்தை அடைந்தவுடன் மை பரந்து எழுத்துச் சிதையும். அப்போதுதான் ஏமாந்தமை புலனாகும். விலை கொடுத்தபின் வெளிப்படும் இக்குற்றம் வணிகம் உள்ள இடமெங்கும் உண்டு போலும்.

இவ்வாறு செய்த ஏடுகளைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் சுருளாக்கி விற்றனர். ஒரு சுருளில் இருபது ஏட்டுக்கு மேல் இல்லை என்பர் பிளினி. ஒட்டுங்கால் இடப்புறத்து ஏடு வலப்புறத்து ஏட்டின்மேல் சிறிது படியுமாறு ஒட்டுவர். கிரேக்க எழுத்து இடமிருந்து வலமாகச் செல்வதால், எழுதுகோல் ஒட்டைக் கடக்கும்போது படி இறங்குவதுபோல் இறங்கிச் செல்லும். ஏறவேண்டுவதாயின் கூர்முனை தட்டுப்பட்டு மை தெறிக்கும். சுருட்டுங்கால் படுக்கையாக ஓடும் நார்கள் உட்புறமாகவும் குத்துநார்கள் வெளிப்புறமாகவும் அமையும்படி சுருட்டுவர். படுக்கை நார் வெளிப்புறம் இருந்தால் சுருட்டும்போது இழுபட்டு வெடிக்கும். ஆதலின் உட்புறமே எழுதுதற்குரிய நன்முகமாயிற்று. நாரின் வழியே கோல் ஓடுதலால் எழுதுவதும் எளிது. புறமுகம் பெரும்பாலும் வெறுமையாக விடப்படும். ஏடு கிடைத்தற்கு அருமையான பொழுது அங்கும் எழுதுவர்.

எழுதுவது எழுத்தாணியாலன்று. ஓலையின்மேல் எழுத்தாணி கீறிச் செல்ல, அக்கீற்றிற் கரியும் இலைச்சாறும் தேய்த்து எழுத்தை விளக்குவது நம் வழக்கம். ஓலையெழுத்து ஒரு பள்ளம். மை அழிந்தாலும் பள்ளம் நிற்கும். பாபிரஸின் நெட்டி மென்மையானது; எழுத்தாணி பட்டால் கிழியும். ஆகலின் நாணற்கோலைச் சீவி, புகைக்கரியும் பிசினும் நீரும் கூட்டிய மையிற் தோய்த்து மேலே எழுதினர். அவ்வெழுத்து மேற்பூச்சே ஆதலால், நனைந்த கடற்பஞ்சால் துடைத்து அழித்து மீண்டும் எழுதலும் கூடும். ஒப்பந்தம் எழுதுவோர்க்கு இது நன்மையும் ஆகும், தீமையும் ஆகும்.

இனி முசிறிப் பாபிரஸில் எழுதியிருப்பதைக் காண்போம். அதன் முன்பகுதி சிதைந்தமையால் கடன் கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் கிடைத்தில. கடன் வாங்கிய வணிகன் சொல்லும் உறுதிமொழியாக அது நடக்கின்றது. செங்கடல் துறையில் இறக்கிய சரக்கை ஒட்டகக்காரனிடம் ஒப்புவித்து, காவலுடன் பாலைநிலத்தைக் கடந்து, நைல் கரையிலுள்ள கொப்தோஸ் நகரத்து அரசாங்கப் பண்டசாலையிற் சேர்ப்பேன். அங்கே கடன் கொடுத்தவர் அல்லது அவருடைய காரியக்காரர் முத்திரையின்கீழ் வைப்பேன். பின் ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுசென்று அவ்வாறே முத்திரையின்கீழ் வைப்பேன் என்பது அதன் கருத்து. தவணையிற் கடன் தீராதாயின், வழக்கின்றியே சரக்கைக் கைக்கொள்ளவும் விற்கவும் கடன் கொடுத்தவருக்கு உரிமையுண்டு என்பதும் எழுதப்பட்டுள்ளது. ஈடு, முத்திரை, காரியக்காரர், தவணை என்னும் இவற்றைக் கண்ட நகரத்தார் குலத்து வணிகர் எவரும் இதனைப் புதிய செய்தியாகக் கருதார்.

அதே ஏட்டின் புறமுகத்தில், வேறொரு கையெழுத்தில், ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு எழுதப்பட்டுள்ளது. கங்கைநாட்டு நறுநாரதம் எனப்படும் நறுமணப்பொருள் 60 பேழைகளும், யானைத் தந்தமும் அதன்கண் குறிக்கப்பட்டுள்ளன. நாலிலொரு பங்கு சுங்கம் நீக்கியபின் அச்சரக்கின் மதிப்பு 1,154 தாலந்தும் 2,852 திரக்குமாவும் என்று கணக்கு முடிகின்றது. ஒரு தாலந்து 6,000 திரக்குமா ஆதலின், ஒரு கப்பற் சரக்கின் மதிப்பு ஏறக்குறைய எழுபது இலக்கம் திரக்குமா ஆகின்றது. யவனர் கலம் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதனை அகநானூற்று 149-ஆம் பாட்டு குறிக்கும். அப்பாட்டை நம்மவர் ஓலையிற் காத்தனர். அவ்வாணிகத்தின் கணக்கை யவனர் கோரைத்தாளிற் காத்தனர்.

இப்பொழுது காகிதத்திற்கு வருவோம். சீன நாட்டு அரண்மனையில் கைவினைத் தொழில்களை மேற்பார்த்த சாய் லூன் என்பவர் கி.பி. 105-இல் காகிதம் செய்யும் முறையை அரசனுக்கு அறிவித்தார் என்று அந்நாட்டு வரலாறு கூறும். அவர்க்கு முற்பட்ட காகிதத் துண்டுகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளமையால், அவர் புதிதாகக் கண்டவர் என்பதினும் திருத்தியவர் என்பதே பொருத்தம். அவர் கொண்ட பொருள்கள் மரப்பட்டை, சணல், கந்தைத் துணி, பழைய மீன்வலை என்பன. இவற்றை ஊறவைத்து, வேகவைத்து, நார் வேறு நார் வேறாகச் சிதையும்வரை இடிப்பர். அச்சிதைவை மிகுந்த நீரில் கலக்கினால் நார்கள் தனித்தனியே மிதக்கும். சல்லடை போன்ற சட்டத்தை அதனுள் அமிழ்த்தி எடுக்க, நீர் ஒழுகிப்போக, நார்கள் எத்திசையும் நோக்கியவாய்ச் சட்டத்தின்மேல் மெல்லிய படலமாகப் படியும். அப்படலத்தை எடுத்து அழுத்தி உலர்த்தினால் அதுவே காகிதம்.

இங்கேதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகின்றது. பாபிரஸில் செடியின் உறுப்பு அழிவதில்லை. தண்டிலே நார்கள் எவ்வாறு நின்றனவோ அவ்வாறே ஏட்டிலும் நிற்கின்றன. கீறுதலும் அடுக்குதலும் அழுத்துதலும் மட்டுமே மனிதன் செய்தவை. காகிதத்திலோ செடி முற்றும் அழிந்து, நாராகி, நீரிற் கலந்து, பின்னர் வேறோர் உருவாகப் பிறக்கின்றது. அது மரப்பட்டையிலிருந்து வந்ததோ கந்தையிலிருந்து வந்ததோ கண்ணாற் பார்த்துச் சொல்லவியலாது. ஆகவே பாபிரஸ் பனையோலைக்கு உறவேயன்றிக் காகிதத்திற்கு உறவன்று. பனையின் உறுப்பை வாரிப் பதம்செய்து எழுதினர் தமிழர். கோரையின் உறுப்பைக் கீறி அடுக்கி எழுதினர் எகிப்தியர். இருவரும் புல்லின் உறுப்பிலேயே எழுதினர். எகிப்தியர் காகிதம் கண்டிருந்தனர், தமிழர் கண்டிலர் என்னும் கூற்று இதனால் அடிபடுகின்றது.

இதனை அறிதற்கு இரண்டு சோதனைகள் உள. ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தல் ஒன்று. பாபிரஸில் நெடுகிலும் குறுக்கிலும் நேர்கோடுகள் ஓடிப் பலகணிச் சட்டம்போலத் தோன்றும். காகிதத்தில் மேகம்போல் ஒழுங்கின்றிக் கலந்த நார்களே தோன்றும். நீரில் இடுதல் மற்றொன்று. கஞ்சி முதலியன ஊட்டாத காகிதத்தை நீரிலிட்டுக் கலக்கினால் அது தான் பிறந்த கூழாகவே மீளும். பாபிரஸ் நெடிது ஊறினால் கூழாகாது. இரு வரிசையும் நெகிழ்ந்து பட்டை பட்டையாகப் பிரியும். ஓலை ஓலையாகவே கிடக்கும். வைகையில் ஏடு எதிரேறிய வரலாற்றைப் போற்றும் அன்பர்கள், அங்கே இடப்பட்டது பனையேடு என்பதையும் ஈண்டு நினைவு கொள்வாராக. திருவருட் செயலுக்குப் பண்டத்தின் இயல்பு ஒரு காரணமன்று என்பது சொல்லாமலே அமையும்.

செய்கையில் உள்ள இவ்வேறுபாடே பாபிரஸின் வீழ்ச்சிக்கும் காரணமாயிற்று. பாபிரஸ் செய்தற்கு அந்த ஒரு செடியே வேண்டும். அது பசிய நிலையில் வேண்டும். அஃது எகிப்தின் சதுப்பு நிலத்திற் செழித்தமையால் உலகம் முழுமையும் எகிப்தையே எதிர்நோக்கியிருந்தது. காகிதத்திற்கு இன்ன செடி என்னும் நியதி இல்லை, நார் உள்ள எதுவும் ஆகும், கந்தையும் ஆகும். கந்தை இல்லாத நாடு யாது? சீனத்திலிருந்து மேற்கே சென்ற அத்தொழில் எட்டாம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவிலும் பாக்தாதிலும் ஊன்றியது. பத்தாம் நூற்றாண்டில் எகிப்திலேயே காகிதம் பாபிரஸை வென்றது. உரோமையின் போப்பாண்டவர் அரங்கம் மட்டும் பழமை கருதிப் பதினோராம் நூற்றாண்டு வரையில் அதனைக் கைவிடாதிருந்தது. தொழில் ஒழிந்தபின் செடியைப் பேணுவார் இன்மையால், எகிப்தில் அச்செடியே ஏறக்குறைய அற்றுப்போயிற்று. ஹசன் ரகப் என்னும் எகிப்தியப் பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சூடான் நாட்டிலிருந்து செடி கொணர்ந்து நட்டு, பழைய செய்கையைச் சோதித்து மீட்டெடுத்தார்.

பண்டம் மறைந்தும் பெயர் மறையவில்லை. பாபிரஸ் ஏட்டைக் கிரேக்கர் கார்த்தேஸ் என்றனர். அஃது அரபியில் கிர்தாஸ் ஆகி, போர்ச்சுகீசிய மொழியில் கர்த்தாஸ் ஆகி, தமிழிற் கடுதாசி ஆயிற்று என்பர். அங்ஙனமாயின், செட்டிநாட்டு மூதாட்டியர் கடுதாசி வந்ததா என்று கேட்குந்தோறும், கேட்டது காகிதத்தை, சொன்ன பெயர் கோரைத்தாளினது ஆகின்றது. காகிதம் என்பதோ பாரசீகர் அரபியர் வழியாக வந்த வேறு சொல். பேரேடு என்பது மற்றொரு விந்தை. அதனைக் காகிதத்தில் எழுதத் தொடங்கிய பின்னும் ஏடு என்னும் ஓலைப் பெயரை வணிகர் விடவில்லை.

நம் நாட்டில் கோரை மிகுந்திருந்தும் அதனால் ஏடு செய்யும் முயற்சி எழாததற்குக் காரணம் காண்டல் அரிதன்று. நம் கோரைத்தண்டு மெலிது. அதன் நெட்டியைக் கீறினால் அகலமான பட்டை கிடையாது. பனையோ ஓர் ஓலையிலேயே முழ நீளத்து ஏட்டைத் தன்னிடத்தே கொண்டு நிற்கின்றது; அடுக்கவும் வேண்டா, ஒட்டவும் வேண்டா. செட்டிநாட்டு மகளிர் கொட்டான் முடைவதும் அப்பனையோலையிலேயே. மேலும் பாபிரஸ் ஈரத்திற்கு ஆற்றாது. நெட்டியானமையால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடித்து மட்கும். ஓலைக்கும் செல்லும் இராமபாணமும் பகை எனினும், மழைக்காற்றை அது பெரிதும் தாங்கும். இன்று கிடைத்துள்ள பாபிரஸ் ஏடுகள் மழையறியாத மேல் எகிப்தின் மணலிலும், பாலைவன விளிம்பிலுமே பெரும்பாலும் அகப்பட்டன. அவ்வேடுகளை மலைமலையாக ஏற்றுமதி செய்த அலெக்சாந்திரியா நகரத்தில், கடற்காற்றும் நிலத்தடி ஈரமும் காரணமாக, ஏறக்குறைய ஒன்றும் எஞ்சவில்லை.

முசிறித் துறையில் இத்தகைய பத்திரங்கள் எத்தனை இருந்திருப்பினும், பெரியாற்று முகத்தின் மழையும் ஈரமும் அவற்றை மட்கச் செய்திருக்கும். பாலைநிலம் காத்த அந்த ஒரு துண்டே இன்று வியன்னாவில் உள்ளது. அதன் உட்புறத்திற் கடனும், புறத்திற் கப்பற் கணக்கும் இருத்தலால், படிப்போர் இரண்டு பக்கத்தையும் பார்த்தல் வேண்டும்.